லெக்கின்ஸ் மொத்தமாக எடுப்பவர்களுக்கு: சாம்பிள் ஃபுல் ஃபீடர், வந்த சரக்கு ஹாஃப் ஃபீடர்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருப்பவர்களும், வீட்டிலிருந்தே துணி விற்கும் பெண்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். சத்துவாச்சாரியில் தையலோடு சேர்த்துக் குர்த்தியும் லெக்கின்ஸும் விற்கிறேன். திருப்பூர் சரக்கு என்று சொல்லிக் கடைக்கே வந்து ஆர்டர் எடுக்கும் ஒரு மொத்த வியாபாரி காட்டிய சாம்பிள் ஒன்று, கட்டுகளில் அனுப்பியது வேறொன்று. இரண்டிலும் ஒரே லேபிள்: 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா. தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எடை போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் வந்து சொன்னவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. நாள் முழுக்க நின்று, குனிந்து, உட்கார்ந்து எழுந்து வேலை செய்பவர். "இன்னாம்மா இது, காலைல போட்டா மதியத்துக்குள்ள முட்டி ரெண்டும் தொங்குது, பின்னாடியும் தொளதொளன்னு ஆயிடுது" என்றார். அதே கட்டில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். வியாபாரிக்குப் போன் போட்டேன். "துவைச்சா செட் ஆயிடும்க்கா, புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றார்.

துவைத்தால் கொஞ்சம் திரும்புவது உண்மைதான். பலரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். லெக்கின்ஸ் துணி பின்னலாடைத் துணி. பருத்தி நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டிருக்கும். இழுத்தால் வளையம் உருமாறி நீளும். விட்டால் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக் கொண்டுவரும் சக்தி பருத்திக்குக் கிடையாது. தண்ணீரில் நனைத்து அலசும்போது வளையங்கள் தளர்ந்து ஓரளவு பழைய வடிவத்துக்கு வரும், துணியும் கொஞ்சம் சுருங்கும். மறுபடி போட்டு நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் முட்டி புடைத்துவிடும். போட்டிருக்கும்போதே, எழுந்து நின்றதும் துணி தானாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ரெக்கவரி என்று தொழிலில் சொல்வது அதைத்தான். அந்த வேலையைச் செய்வது எலாஸ்டேன் மட்டும்தான். (லைக்ரா என்பது எலாஸ்டேனுக்கு ஒரு கம்பெனி வைத்த பிராண்டு பெயர். நம் கடைத்தெருவில் எல்லா எலாஸ்டேனையும் லைக்ரா என்றே சொல்கிறோம். லேபிளில் அந்தப் பெயர் இருப்பதால் அந்தக் கம்பெனி இழைதான் உள்ளே இருக்கிறது என்று ஆகிவிடாது.)

எலாஸ்டேன் பாலியூரித்தேன் வகை இழை. 1958 வாக்கில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும், அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டதுபோல் பிடித்துவைக்கும் கெட்டியான பகுதிகளும் மாறி மாறி இருக்கும். இழுத்தால் சுருண்ட பகுதி நிமிரும், விட்டால் மறுபடி சுருளும். முடிச்சுகள் நழுவாதவரை பல மடங்கு நீண்டாலும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். பின்னும்போதே இந்த இழையை நன்றாக இழுத்த நிலையில் பருத்தி நூலோடு சேர்த்து ஊசிக்குக் கொடுப்பார்கள். துணி மிஷினை விட்டு வெளியே வந்ததும் அது சுருங்கி, பருத்தி வளையங்களை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். லெக்கின்ஸ் துணி தடிப்பாகவும் கிச்சென்றும் இருப்பது அதனால்தான்.

ஃபுல் ஃபீடர், ஹாஃப் ஃபீடர் என்ற பேச்சு வருவதும் இங்கேதான். வட்டப் பின்னல் மிஷினில் பல ஃபீடர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வரிசை பின்னும். எல்லா ஃபீடரிலும் பருத்தியோடு எலாஸ்டேன் போனால் ஃபுல் ஃபீடர், ஒன்று விட்டு ஒன்றில் மட்டும் போனால் ஹாஃப் ஃபீடர். எலாஸ்டேன் பருத்தி நூலைவிட விலை கூடுதல் என்பதால் ஹாஃப் ஃபீடரில் செலவு குறையும். இதிலேயே மோசடி எதுவும் இல்லை. டி-ஷர்ட்டுக்கும் நைட் டிரஸ்ஸுக்கும் ஹாஃப் ஃபீடரே போதும். உடம்போடு ஒட்டி நிற்கவேண்டிய லெக்கின்ஸுக்குப் போதாது. முட்டியை முழுக்க மடக்கும்போது அங்கே தோல் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுபடும். அதோடு சேர்ந்து துணியும் நீண்டு, பிறகு திரும்ப வேண்டும். எலாஸ்டேன் இல்லாத வரிசைகளை அக்கம்பக்கத்து வரிசைகள்தான் இழுத்துக்கொண்டு வரவேண்டும், அவற்றால் முடிவதில்லை. இந்த வியாபாரி அனுப்பியதில் பருத்தி நூலைக் கொஞ்சம் தடிப்பாக்கி எடையையும் சரிக்கட்டியிருந்தார்கள். ஜிஎஸ்எம் மட்டும் பார்த்து வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் கடையிலேயே செய்யலாம். கறுப்பு லெக்கின்ஸ் ஒன்றின் கணுக்கால் மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பை வரிசையோடு நேராக வெட்டினேன். இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு போதும். ஊசி முனையால் ஒரு நூலைக் கிளப்பி இழுத்தால் ஒரு வரிசை முழுதாக உருவி வரும். ஒரு பக்கத்திலிருந்து உருவ வராது. வராவிட்டால் துண்டைத் திருப்பி மறு விளிம்பில் பாருங்கள். பருத்திக்குப் போடும் சாயம் எலாஸ்டேனில் ஏறாது. அதனால் கறுப்பு நூலோடு தலைமுடியைவிட மெல்லியதாக, வெள்ளையாக மின்னும் ஒரு இழை சுருண்டுகொண்டு வரும். சாம்பிளில் ஒவ்வொரு வரிசைக்கும் அந்த இழை வந்தது. கட்டிலிருந்து எடுத்ததில் ஒரு வரிசைக்கு வந்தது, அடுத்த வரிசைக்கு வெறும் பருத்தி, மறுபடி வந்தது, மறுபடி வெறும் பருத்தி. மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வந்துபோன ஆட்களுக்கெல்லாம் காட்டினேன்.

அப்புறம் அளந்தும் பார்த்தேன். துணியின் நீளவாக்கில், அதாவது கால் நீளத்துக்கு, பால்பாயின்ட் பேனாவால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு. கோடுகளுக்கு நடுவே 15 செ.மீ. வரும்வரை இழுத்து, பலகையில் குண்டூசி குத்திக் கொஞ்ச நேரம் விட்டு வைத்தேன். கழற்றி, தடவாமல், தட்டையாகப் போட்டு ஒரு நிமிஷம் கழித்து அளந்தால் சாம்பிள் 10.3, வந்த சரக்கு 11.4. ஒரு மணி நேரம் ஆனபிறகு சாம்பிள் 10.1, சரக்கு 11. அதாவது நூறுக்குப் பத்து பங்கு நீண்டது நீண்டபடியே நின்றுவிட்டது. இதற்குத் தொழிலில் குரோத் என்று பெயர். லேப்பில் இதையே எடை, நேரம் எல்லாம் நிர்ணயித்து ஒழுங்காகச் செய்வார்கள். கடையில் ஸ்கேலும் குண்டூசியும் வைத்துச் செய்வது அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்காது. ஆனால் சாம்பிளையும் சரக்கையும் ஒரே மாதிரி இழுத்து ஒப்பிட இது தாராளமாகப் போதும்.

ஒரு விஷயத்தை இங்கே நியாயமாகச் சொல்லவேண்டும். முட்டி தொங்கினாலே ஹாஃப் ஃபீடர் என்று முடிவு கட்டக் கூடாது. அதே ஆள் அனுப்பிய மெரூன் கட்டில் ஒவ்வொரு வரிசையிலும் எலாஸ்டேன் இருந்தது, ஆனாலும் தொங்கியது. அந்த இழையை மட்டும் தனியே பிரித்து இழுத்தேன். நல்ல எலாஸ்டேன் நாலைந்து மடங்காவது நீண்டுவிட்டுத் திரும்பும். இது ஒன்றரை மடங்கு தாண்டுவதற்குள் பட்டென்று அறுந்தது. இப்படி இழையே செத்துப்போயிருந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். துணியின் அகலத்தையும் எடையையும் நிலைநிறுத்த, ஸ்டென்டர் மிஷினில் சுமார் 180 முதல் 195 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓட்டுவார்கள். ஹீட் செட்டிங் என்பார்கள். சூடு ஏறிப்போனாலோ மிஷின் மெதுவாக ஓடினாலோ இழையின் சக்தி போய்விடும். குளோரின் பிளீச் பட்டாலும் இதே கதிதான்.

வியாபாரி வாடிக்கையாளர்மேலும் பழி போட்டார்: "வெயில்ல காயப்போட்டிருப்பாங்க, வெந்நீர்ல ஊறப்போட்டிருப்பாங்க." நம்மூர் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் ஈரத்தோடு தொங்கவிட்டால் துணி கெடும், மறுக்கவில்லை. பருத்தி நிறையத் தண்ணீர் குடிக்கும். அந்த எடையே துணியைக் கீழே இழுக்கும். கடும் வெயிலும் சூடான இஸ்திரியும் எலாஸ்டேனுக்கு ஆகாது. அதனால் வாங்குபவர்களிடம் நிழலில், கொடியில் இரண்டாக மடித்துப் போடச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சேதம் பல மாதம் போட்டுத் துவைத்தபிறகு வருவது. கட்டைப் பிரித்து ஒரு தரம்கூடத் துவைக்காத லெக்கின்ஸ் குண்டூசிச் சோதனையில் 11 காட்டினால் அதற்கு வெயில் என்ன செய்யும்?

அளவு சின்னதாகப் போட்டார்கள் என்றும் சொன்னார். சின்ன சைஸ் போட்டால் துணி எப்போதும் அளவுக்கு மேல் இழுபட்டே நிற்கும், சீக்கிரம் தளரும், சரிதான். ஆனால் பெரிய சைஸ் வாங்கியவர்களுக்கும் அதே முட்டிதான் தொங்கியது.

பணம் திரும்பி வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். என்னிடம் ஒன்று வாங்கிப்போன அக்கா 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம், என்மேல்தான் கொடுக்க முடியும். எனக்கு சிவில் வழக்கு ஒன்றுதான் வழி. பில்லிலோ "லேடீஸ் லெக்கின்ஸ், கலர் அசார்ட்டட்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. இப்போது யாரிடம் எடுத்தாலும் பில்லில் "ஃபுல் ஃபீடர் காட்டன் லைக்ரா, ஒப்புதல் கொடுத்த சாம்பிள்படி" என்று எழுதி வாங்குகிறேன். சாம்பிளை இரண்டாக வெட்டி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்கிறோம். எழுதித் தரமாட்டேன் என்பவரிடம் எடுப்பதில்லை.

வாங்கியவர்கள் திருப்பித் தந்ததையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். கடையில் மீதி இருப்பதை ஹாஃப் ஃபீடர் என்று எழுதி ஒட்டி, வீட்டில் போட விலை குறைத்துக் கொடுக்கிறேன். பிரிக்காத கட்டுகளை மட்டும் அந்த ஆள் எடுத்துப்போனார். அவற்றை அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். அநேகமாக லாங் பஜாரிலோ குடியாத்தம், ஆம்பூர் பக்கமோ ஏதாவது ஒரு கடையில் இறக்கியிருப்பார். அடையாளம் சொல்கிறேன்: கறுப்பு, மெரூன், நேவி புளூ மூன்றும் கலந்த கட்டு; வெள்ளை சாட்டின் லேபிளில் 95–5 என்று தங்க எழுத்து; உள்ளே பராமரிப்புக் குறிப்பு எதுவும் கிடையாது. அப்படி ஒன்று உங்களிடம் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் கட்டின் நடுவிலிருந்து ஒரு பீஸை உருவி, கணுக்கால் விளிம்பை வெட்டி நாலு வரிசை பிரித்துப் பாருங்கள்.