'ரொம்பப் பெரிய பீரோ' எவ்வளவு பெரியது?

வீடு மாறும்போது பழைய ஸ்டீல் பீரோவை விற்றுவிடலாம் என்று தம்பி ஒரு விளம்பரம் எழுதிக் காட்டினான்.

"மிகவும் நல்ல பச்சை பீரோ. ரொம்பப் பெரியது. நிறைய சாமான் எல்லாம் வைக்கலாம். சில சின்னச் சின்ன விஷயங்கள் தவிர மிகவும் நல்ல நிலையில் உள்ளது."

பொய் ஒன்றும் இல்லை, ஆனால் இதை அப்படியே எடுத்து ஒரு ஃப்ரிட்ஜுக்கும் போடலாம். சரி, திருத்தலாம் என்று உட்கார்ந்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு மூன்று மாற்று வருகிறது, எது எங்கே எடுபடும் என்பதில்தான் சண்டை.

முதலில் 'ரொம்பப் பெரியது'. எல்லாரும் சொல்லும் வழி, 'ரொம்ப'வை வெட்டு என்பது. வெட்டினால் 'பெரியது' மிஞ்சுகிறது, அதுவும் எதுவும் சொல்லவில்லை. ஊன்றுகோலைப் பிடுங்கியதும் நொண்டி தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த வழி கனமான சொல்: 'பிரம்மாண்டமான பீரோ'. இது முதலில் எழுதியதைவிட மோசம், கல்யாண மண்டப போஸ்டர் வாசனை. மூன்றாவது, டேப்பை எடுத்து அளப்பது: உயரம் 78, அகலம் 36, ஆழம் 19 அங்குலம். வாங்குகிறவருக்கு இதுதான் உதவும், ஏனென்றால் பீரோவைப் படுக்க வைத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுபோவார்கள், அப்புறம் நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் மேலே இடிக்கும். 78-க்கும் 19-க்கும் மூலைவிட்டம் 80 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பரண் 79 அங்குலத்தில் இருந்தால் பீரோ நிற்கும், ஆனால் பரணுக்கு அடியில் வைத்து நிமிர்த்த முடியாது. 'ரொம்பப் பெரியது' என்பதை வைத்து யாராவது இந்தக் கணக்கைப் போட முடியுமா?

அதற்காக எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. தகட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம் என்று 'ரொம்ப கெட்டியான தகடு' என எழுதிய தம்பி, அதை '20 கேஜ்' என்று மாற்றினான். துல்லியம்தான், ஆனால் கேஜ் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும், மற்றவர்கள் 22 கேஜ்தான் இன்னும் கெட்டி என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த இடத்தில் 'கதவை நடுவில் அழுத்தினால் உள்வாங்காது' என்று எழுதினால் வந்து பார்ப்பவர் தானே அழுத்திப் பார்த்துக்கொள்வார். இங்கே என் ஓட்டு எண்ணுக்கு இல்லை.

'சின்னச் சின்ன விஷயங்கள்' என்பதில்தான் நிஜமான சிக்கல். எழுதுகிறவருக்கு அது சின்னது, படிப்பவருக்கு மர்மம். 'விஷயம்' என்ற சொல் துருவை ஒளித்து வைக்கிறது என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். இங்கே அளவு போட்டுப் பார்த்தோம்: 'இரண்டு அங்குலத் துரு'. போதவில்லை. துரு மேலோட்டமா, தகட்டைத் தின்றுவிட்டதா என்பதல்லவா கேள்வி? 'முன்கால் இரண்டிலும் துரு, தகடு ஓட்டையாகவில்லை' என்றதும் விவகாரம் முடிந்தது. இரண்டாவது 'விஷயம்' பூட்டு. முதலில் 'பூட்டு ரொம்ப இறுக்கம்' என்று வந்தது, பிறகு 'சாவியை லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும்' என்று மாறியது. எட்டு வருடம் தினமும் திறந்தவன் கைக்குத் தெரிந்தது அது, எந்த அகராதியும் தராது.

'நிறைய சாமான் எல்லாம்' சீக்கிரம் முடிகிற வேலை. 'புடவை, வேட்டி, நகை, பத்திரம் போன்றவை' என்று அடுக்குவது பயனில்லை, பீரோவில் வேறென்ன வைப்பார்கள். நான்கு தட்டு, தனிச்சாவி லாக்கர், ஹேங்கர் கம்பி, போதும்.

நிறத்தில் ஒரு வேடிக்கை. தமிழில் 'ரொம்ப' இல்லாமலே மிகுதி சொல்ல வழி உண்டு, செக்கச்செவேல், கன்னங்கரேல், புத்தம்புதுசு. (தொல்காப்பியத்தில் உறு, தவ, நனி என்று மிகுதிக்கே மூன்று உரிச்சொல் இருக்கின்றன, ஆசை பழையதுதான்.) தம்பி உற்சாகமாக 'பச்சைப்பசேல் பீரோ' என்றான். பச்சைப்பசேல் என்றால் நாற்றங்கால்தானே கண்ணில் வரும்? இது இருட்டுப் பச்சை. 'பாட்டில் பச்சை' என்றால் பெயின்ட் கடைக்குப் போனவர் யாருக்கும் புரியும்.

'மிகவும் நல்ல' இரண்டையும் எதாலும் மாற்றவில்லை, எடுத்தேவிட்டோம். கடைசியில் போட்டது இது:

"பாட்டில் பச்சை ஸ்டீல் பீரோ, 8 வருடப் பழசு. உயரம் 78, அகலம் 36, ஆழம் 19 அங்குலம். நான்கு தட்டு, தனிச்சாவி லாக்கர், ஹேங்கர் கம்பி. கதவை நடுவில் அழுத்தினால் உள்வாங்காது. முன்கால் இரண்டிலும் துரு, தகடு ஓட்டையாகவில்லை. சாவியை லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, இறக்க நாலு ஆள் தேவை."

முன்னதைவிட நீளம்தான். ஆனால் போன் செய்தவர்கள் "என்ன சைஸ், என்ன ரிப்பேர்" என்று கேட்கவில்லை, நேராக விலையில் பேரம் தொடங்கினார்கள்.