பழைய விலையா, வெற்று அறிக்கையா? ரப்பர் விலைச் செய்தியில் நான் பார்த்த மூன்று வழிகள்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை ஒன்றுக்குத் தினமும் மாலை ஏழு மணிக்கு விலைச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன நிரல் என் பொறுப்பில் இருக்கிறது. கோட்டயம் சந்தையின் ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்ற இரண்டு ஷீட் தரங்களின் விலையை ஒரு இணையதளத்திலிருந்து எடுத்து, கடையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும். மறுநாள் காலையில் ஷீட் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த விலையை வைத்துத்தான் கணக்கு.

தளம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் கம்பியின் மேல் மரக்கிளை விழுந்து நம் பக்கமே இணைப்பு போய்விடும். சில நாள் அவர்கள் பக்கம் படுத்துவிடும். அப்போது என்ன அனுப்புவது? மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது மூன்றாவது வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

முதல் வழி, சத்தமில்லாமல் நேற்றைய விலையைப் போடுவது. செய்தி தவறாமல் போகும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதுதான் இதில் உள்ள கேடு. ரப்பர் விலை சில சமயம் நாலைந்து நாள் அசையாமல் நிற்கும். அதனால் ஒரே எண் மூன்று நாள் வந்தாலும் சந்தை நின்றிருக்கிறதா, நம் நிரல் நின்றிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழியே கிடையாது.

இரண்டாவது, விலை கிடைக்காவிட்டால் ஒன்றும் அனுப்பாமல் இருப்பது. நேர்மையான வழிதான். ஆனால் ஏழேகாலுக்கெல்லாம் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். கடைக்காரர் கடைசியில் மார்த்தாண்டத்தில் யாரிடமோ கேட்டு ஒரு விலையைச் சொல்வார், அது எந்தக் கிழமை விலை என்று அவருக்கே தெரியாது. ரப்பர் ஒரே நாளில் தலைகீழாக மாறுகிற சரக்கு இல்லை. நேற்றைய விலை பாதி வேலைக்குப் போதும், நேற்றையது என்று தெரிந்தால்.

ஆகவே மூன்றாவது வழி: கடைசியாகக் கிடைத்த விலையைப் போட்டு, அது எந்தத் தேதிக்கு உரியது என்று பக்கத்திலேயே எழுதுவது. கேட்க எளிதாக இருக்கிறது. நான் முதலில் எழுதியது அந்தத் தேதியிலேயே தவறியது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளி மாலை தளம் கிடைத்தது, ஆர்எஸ்எஸ் 4 கிலோ 192 ரூபாய். சனி மாலை கிடைக்கவில்லை. செய்தியில் “192, வெள்ளி விலை” என்று சரியாகவே போனது. ஞாயிறு சந்தை இல்லை. திங்கள் மாலையும் தளம் கிடைக்கவில்லை. இரண்டு சந்தை நாள் பழையதென்றால் விலையே போடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அன்று அது வேலை செய்யவில்லை. செய்தி “192, சனி விலை” என்று போனது. செவ்வாய் காலை ஒருவர் 340 கிலோ ஷீட் கொண்டுவந்தார், கடைக்காரர் அந்த விலையை வைத்துப் பணம் கொடுத்தார். திங்களன்று உண்மையான விலை 187. கிலோவுக்கு 5 ரூபாய் வீதம் 1,700 ரூபாய் கடைக்கு நஷ்டம்.

“இது என்னைக்குள்ள வெலை மக்கா?” என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

“சனிக்கிழமை உள்ளது அண்ணாச்சி, செய்தியிலயே போட்டிருக்கே.”

“சனிக்கிழமை 189-னு மார்த்தாண்டத்துல சொல்லுகானுவ.”

நிரலைத் திறந்து பார்த்தேன். இப்படி இருந்தது:

```python
try:
    rec = fetch()
except OSError:
    rec = read_saved()
send(rec)
rec["date"] = today
save(rec)
```

சனியன்று எடுத்தது வெள்ளி விலை. சனி தேதி போட்டு அதைத் திரும்பச் சேமித்தது நான்தான். திங்களன்று நிரல் அந்தக் கோப்பைப் பார்த்து, ஒரு சந்தை நாள்தான் பழையது என்று நம்பிவிட்டது. இப்படியே விட்டால் ஒரே வெள்ளி விலை ஒவ்வொரு நாளும் ஒரு நாள் இளமையாகிக்கொண்டே வாரக்கணக்கில் ஓடும், வயது வரம்பு ஒருநாளும் அதைப் பிடிக்காது. தேதி முத்திரை போடாத முதல் வழியைவிட இது மோசம். அங்கே குறைந்தபட்சம் நம்பி ஏமாற ஒரு தேதி இல்லை.

திருத்தம் சிறியது:

```python
try:
    rec = fetch()
    check(rec)
    save(rec)
except (OSError, ValueError):
    rec = read_saved()
send(rec)
```

சேமிப்பது நேரடியாக வந்த விலையை மட்டும்தான். தேதியை நிரல் போடுவதே இல்லை, தளத்தின் பக்கத்தில் விலைக்கு மேலே அச்சாகியிருக்கும் தேதியைத்தான் எடுக்கிறது. `check` பார்ப்பது மூன்று விஷயம்: தேதி இருக்கிறதா, இரண்டு தர வரிசையும் இருக்கிறதா, விலை எண்ணாக இருக்கிறதா. தளம் படுத்திருக்கும்போது சில நேரம் பராமரிப்பு அறிவிப்புப் பக்கம், எல்லாம் சரி என்று சொல்லும் 200 என்ற குறியோடே வந்துவிடும். இணைப்புப் பிழை எதுவும் வராததால், சரிபார்க்காவிட்டால் அந்தக் குப்பை நல்ல விலையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் நான் எதிர்பார்க்காத இன்னொரு லாபம் கிடைத்தது. சில நாள் தளம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் இன்றைய விலையை இன்னும் ஏற்றியிருக்கமாட்டார்கள். முன்பு அதை “இன்றைய விலை” என்றே அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது தளம் கிடைத்ததா இல்லையா என்பதைப் பார்க்காமல், விலையின் தேதியும் இன்றைய தேதியும் ஒன்றா என்று மட்டும் பார்த்து முத்திரை போடுவதால் அதுவும் பிடிபடுகிறது.

முத்திரையின் வாசகத்திலும் இரண்டு முறை அடிபட்டேன். “நேற்றைய விலை” என்று எழுதினால் திங்களன்று பொய்யாகிவிடும், நேற்று ஞாயிறு. கிழமையும் தேதியும் எழுதியே ஆகவேண்டும். செய்தியின் அடியில் தனி வரியாகப் போட்டபோது, குழுவில் ஒருவர் மேல் பாதியை மட்டும் வெட்டி வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டார். இப்போது விலை இருக்கும் வரியிலேயே தேதியும் இருக்கிறது, ஆர்எஸ்எஸ் 4-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று. பழைய விலை போகும் நாளில் “மாற்றம்” என்ற வரியை எடுத்துவிடுகிறேன். அதை விட்டுவைத்தால் மாற்றம் 0 என்று வரும், படிக்கிறவர் சந்தை அசையவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் இணையச் சேவையகங்களிலேயே `stale-if-error` என்று ஒரு வசதி உண்டு. மூலம் கிடைக்காதபோது குறித்த நேரம்வரை பழைய நகலைக் கொடுக்கும். பார்த்தேன், வேண்டாம் என்று விட்டேன். நகல் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. எத்தனை சந்தை நாள் பழையது என்று எண்ண அதற்குத் தெரியாது, நொடிக் கணக்குதான்.

ரப்பருக்கு இது சரி. தோவாளையில் பூ எடுக்கிற நண்பர் ஒருவர் தனக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பிச்சிப்பூ விலை இருக்கிற இருப்புக்கு, முத்திரையோடுகூட நேற்றைய விலை உதவாது என்று நினைக்கிறேன். அவருக்கு இரண்டாவது வழிதான், அதாவது ஒன்றும் அனுப்பாமல் இருப்பது. ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும். கடல் எச்சரிக்கை பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் திடீரென்று அலை பொங்கும் கள்ளக்கடல் வருகிற கரையில், நேற்று எடுத்த “எச்சரிக்கை இல்லை” என்ற வரியை எந்த முத்திரையோடும் நான் அனுப்பமாட்டேன்.

அண்ணாச்சி கடையில் இப்போது தேதி இல்லாத விலையை யாராவது போனில் காட்டினால், “மேல உள்ளதையும் காட்டு” என்கிறார்.