யாழ்ப்பாணம் – கொழும்பு: 65இல் போவதா, 80இல் போவதா, 100ஐத் தொடுவதா?

2022 ஓகஸ்டில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதாவது லீற்றருக்கு 20 ஓடாத கார், கொழும்பு தெரியும் முன்பே நின்றுவிடும். என்னுடையது 1000 சிசி விட்ஸ், ஓட்டோ கியர். அதுவரை லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்று நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அந்தக் கிழமை பார்க்க வேண்டி வந்தது. வேக மீற்றரில் மணிக்கு 65 கிலோமீற்றரைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், தாங்கியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

பங்கீடு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று அறியாமல் ஓடுவதும் சரியில்லை. ஆகவே மூன்று பயணங்களை மூன்று விதமாக ஓடி அளந்தேன். ஒவ்வொரு முறையும் காரில் இரண்டு பேர் மட்டும், ஏசி போட்டபடி, ரயருக்குக் காற்று ஒரே அளவில். போய்வந்த கணக்கைப் பாதியாக்கி 400 கிலோமீற்றருக்குச் சொல்கிறேன். 65இல் 18.5 லீற்றர். 80இல் 21.1. இடம் கிடைக்கும் போதெல்லாம் 90க்கும் 100க்கும் இடையில் மிதித்து ஓடியதில் 24.6. நிற்காமல் ஓடிய நேரம் மட்டும் பார்த்தால் முதலாவது 7 மணி 25 நிமிடம், இரண்டாவது 6 மணி 45, மூன்றாவது 6 மணி 20.

இந்த எண்களை ஒரு லீற்றர் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் தானாக ‘டக்’ என்று நிற்கும் இடத்தை வைத்துத்தான் தாங்கி நிறைந்தது என்று எடுத்தேன். கார் சற்றுச் சரிந்து நின்றாலே அந்த இடம் மாறும். அதனால் ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், ஒரே பக்கம் பார்த்து நிறுத்தி அடித்தேன். டாஷ்போர்டு காட்டும் கணக்கை நம்பவில்லை. என் காரில் அது எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது. வேகமானியும் அப்படித்தான்: அது 70 என்று காட்டும்போது கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் 66 காட்டியது. நான் இங்கே சொல்லும் வேகமெல்லாம் மீற்றர் காட்டியது.

வேகம் கூடினால் ஏன் கூடக் குடிக்கிறது என்பது பலருக்கும் தெரிந்த கதை. ரயர் உருளும் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். என் காரின் நிறையையும் உருவத்தையும் வைத்து உத்தேசமாகப் போட்டுப் பார்த்தால், 65ஐ ஒட்டிய வேகத்தில் இரண்டும் சமமாக வருகின்றன. அதற்குக் கீழே ரயர்தான் பெரிய செலவு, அதற்கு மேலே காற்று. 100இல் காற்றுத் தடை மட்டும் ரயர்த் தடையைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அப்படியென்றால் 40இல் போனால் இன்னும் மிச்சமா என்று கேட்பீர்கள். இல்லை. காரில் தூரத்தைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பார்த்துக் குடிக்கும் விஷயங்கள் உண்டு. எஞ்சின் தன் உள்ளுராய்வுக்கே ஒரு பங்கு எரிக்கிறது. அதோடு ஏசி. சின்னக் காரில் ஏசிக்கு மணிக்கு அரை லீற்றர் அளவில் போகும் என்று வைத்தால், ஏழரை மணி நேரப் பயணத்தில் ஏறத்தாழ நாலு லீற்றர் அதற்கே. 40இல் ஊர்ந்தால் பயணம் 10 மணி நேரத்தைத் தாண்டும், ஏசியின் பங்கு ஐந்து லீற்றருக்கு மேல் போகும். மாசிப் பனியில் கண்ணாடியை இறக்கிவிட்டு 50இல் போகிறவருக்கு என் 65 கூட அதிகம்தான். சித்திரை வெயிலில் ஏசியோடு போகிறவருக்கு 60க்கும் 70க்கும் இடையில்தான் சிக்கனம். கையால் கியர் போடும் காராக இருந்தால் மேல் கியரில் எஞ்சின் திணறாமல் இழுக்கும் வேகம் எது என்றும் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கியரும் இறங்கும், மிச்சமும் போய்விடும்.

ஆனால் என்னை 65இல் பிடித்து வைத்தது காற்றுக் கணக்கு இல்லை, பிறேக்தான்.

மூன்றாவது பயணத்தில் மனைவியின் தம்பி ஓட்டினான். முதலாவது பயணக் கதையைக் கேட்டுவிட்டு, “அத்தான், உந்த வேகத்தில போனா லொறிக்காரனே விலத்திக்கொண்டு போவான்” என்று சிரித்தவன். ஏ9 வெறிச்சோடிய நேர்ச்சாலை இல்லை. பரந்தனில் உழவு இயந்திரம், முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தும் வாகனங்கள், மாங்குளத்துக்குக் கிட்ட றோட்டைக் கடக்கும் மாடுகள், அறுவடைக் காலத்தில் ஒரு கரை முழுக்கக் காயும் நெல். 90இல் வருகிறவன் இவை ஒவ்வொன்றுக்கும் 50க்கு இறங்கி, மறுபடி 90க்கு ஏறுகிறான். நான் பக்கத்தில் இருந்து விரல் மடித்து எண்ணினேன். வவுனியா வருவதற்குள் 23.

ஒரு தடவைக்கு என்ன செலவு என்று பார்ப்போம். ஆட்களோடு என் கார் 1150 கிலோ அளவு. 90இல் அது சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 360 கிலோ ஜூல், 50இல் 110. இடையிலுள்ள 250 கிலோ ஜூலும் பிறேக் தட்டில் சூடாகிப் போய்விடுகிறது. அதைத் திரும்ப உண்டாக்க எஞ்சின் பெற்றோலை எரிக்க வேண்டும். பெற்றோலின் சக்தியில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று எடுத்தால் 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு மாட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி பெற்றோல்! கொழும்பு போய்ச் சேர்வதற்குள் இப்படி 60 தடவை என்றால் 1.8 லீற்றர்.

65இல் வருகிறவனும் அதே மாட்டுக்கு 50க்கு இறங்கத்தான் வேண்டும். ஆனால் அவன் இழப்பது 10 மில்லிலீற்றர்கூட இல்லை, ஏனென்றால் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான். பெரும்பாலும் அவனுக்குப் பிறேக்கே தேவைப்படாது. மாடு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டால் போதும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் பெற்றோல் ஊசியை முழுதாக மூடிவிடும். அந்த இருநூறு மீற்றரை எண்ணெயே இல்லாமல் உருள்கிறோம். நியூட்ரலில் தள்ளி உருட்டுவது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போது அது எஞ்சினைச் சும்மா ஓடவைத்து எண்ணெய் குடிக்கவைக்கும், எஞ்சின் பிறேக்கும் இல்லாமல் போகும். செய்யாதீர்கள்.

80க்கு நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 40 நிமிடம் மிச்சம், 2.6 லீற்றர் செலவு. ஆஸ்பத்திரிக்கோ விமானத்துக்கோ ஓடுகிறவர் அதைக் கொடுக்கலாம். ஆனால் எக்ஸ்பிரஸ் வே அல்லாத றோட்டில், ஊர்மனைக்கு வெளியே, காருக்குச் சட்டப்படி 70தான், ஊர்மனைக்குள் 50. மரத்தடியில் நிற்கும் பொலிஸ்காரரின் கையிலுள்ள கருவிக்கு உங்கள் அவசரம் தெரியாது. 90, 100 பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை. 80ஐவிட 25 நிமிடம்தான் முந்தினோம், 3.5 லீற்றர் கூடப் போனது. அந்த 25 நிமிடத்தில் பாதியைப் புத்தளத்தில் தேத்தண்ணிக் கடையிலேயே விட்டோம். ஓட்டினவன் கை நடுங்க இறங்கினான், அதைப் பெற்றோல் கணக்கில் சேர்க்க முடியாது. கட்டுநாயக்க எக்ஸ்பிரஸ் வேயில் 100 வரை அனுமதி உண்டு. அங்கே மாடும் இல்லை, பிறேக்கும் இல்லை, காற்று மட்டும்தான். அங்கும் நான் இடப்பக்க ஓரத்தில் 80இல் போகிறேன். அதற்குக் கீழே இறங்கினால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல்.

ஹைபிரிட் வைத்திருக்கிறவர்கள் என் பிறேக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். இறங்கும் வேகத்தில் ஒரு பங்கை அது பற்றரிக்குத் திருப்பிவிடும். ஒரேயொரு முறை நண்பரின் அக்குவாவை வவுனியா வரை ஓட்டியிருக்கிறேன், அதை வைத்து எண் சொல்ல மாட்டேன். காற்றுக் கணக்கு மட்டும் அதற்கும் பொதுதான். பெட்டி போன்ற வான்களில் முகப்பு பெரிது, அதனால் வேகத்துக்குக் கொடுக்கும் விலையும் காரைவிடக் கூட. கூரையில் சாமான் கட்டினால் இன்னும் மோசம்.

கடைசியாக ஒரு விஷயம், இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். காருக்குத் தெரிவது றோட்டு வேகம் இல்லை, காற்றின் வேகம். ஆனி, ஆடியில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது ஆனையிறவுத் தாம்போதியில் தெற்கு நோக்கிப் போனால் அது கிட்டத்தட்ட நேரே முகத்தில் அடிக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்காற்று என்றால் 65இல் போகிற காரை 85இல் போகிற காரின் காற்றுத் தடை பிடித்து இழுக்கும், அமைதியான நாளைவிட 70 வீதம் கூட. நான் சொன்ன 18.5 லீற்றர் ஆடி மாதக் கணக்குத்தான். பிரித்துப் பார்த்தால் போகும்போது 19.4, சோழகம் முதுகில் தள்ள வரும்போது 17.6. இப்போது சோழகக் காலத்தில் ஆனையிறவிலிருந்து பரந்தன் வரை 55க்கு இறக்கிவிட்டு, காடு தொடங்கி இருபக்கமும் மரம் மறைத்த பிறகுதான் 65க்கு ஏற்றுகிறேன்.