உருக்களைக் காதுக்கு எழுதுவது: கொஞ்சக் கால அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் பற்றிய ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழாக்கும் ஒரு சின்னக் குழுவில், உருக்களுக்கு மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் எழுத்து, எழுதுவது என் வேலை. திரைவாசிப்பானில் கேட்டுச் சொல்ல ஒரு அண்ணை இருக்கிறார், பார்வை இல்லாதவர், விஞ்ஞானம் படித்தவர்.

உதாரணத்துக்கு, தோட்டக் கிணறுகளையும் வீட்டுக் கிணறுகளையும் நைத்திரேற்று அளவில் ஒப்பிடும் ஒரு பெட்டி வரைபை எடுங்கள். அதில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாற்றுரையில் இவ்வளவுதான் போடுவேன்:

```html
alt="உரு 3. பெட்டி வரைபு. தோட்டக் கிணறுகளின்
இடையம் 50 கோட்டுக்கு மேலே, வீட்டுக்
கிணறுகளின் இடையம் கீழே. விவரம் உருவின் கீழ்."
```

"இந்தப் படத்தில்" என்று தொடங்க வேண்டியதில்லை, அது படம் என்று வாசிப்பானே சொல்லிவிடும். மாற்றுரைக்குள் பந்தியும் அட்டவணையும் நிற்காது, எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் வரும், அதனால் இடையம், காலணைகள், வெளியே தள்ளி நிற்கும் கிணறுகள் எல்லாவற்றையும் உருவின் கீழே சாதாரண எழுத்தில் வைப்பேன். அங்கே வரிவரியாகத் திரும்பிப் போய்க் கேட்கலாம்.

அண்ணை அடிக்கடி சொல்வது, "தம்பி, எண்ணை எங்கையோ கடைசியில வைச்சுச் சுத்த வேண்டாம்." நியாயம்தான். "உரம் அதிகம் போடப்படும் தோட்டங்களுக்கு அருகில் உள்ள கிணறுகளில் மழைக்குப் பிறகு அளக்கப்பட்ட" என்று எச்சங்களை அடுக்கினால், வினை வரும் வரைக்கும் கேட்பவர் எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டும். கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். நான் இப்போது எந்தக் கிணறு, எவ்வளவு, எப்போது என்று துண்டு வாக்கியமாக உடைத்துவிடுகிறேன்.

எண் வீச்சுக்குக் கோடு போடாதீர்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் வழக்கமான நிறுத்தக்குறி அமைப்பில் அந்தக் கோடு ஒலிக்காது, 20–50 என்பது இருபது, ஐம்பது என்று இரண்டு எண்ணாக விழும். "20 முதல் 50 வரை" என்றே எழுதுங்கள். அலகையும் முழுதாக எழுத வேண்டும். அதைவிடப் பெரிய பொறி, அச்சில் இருப்பது நைத்திரேற்றா, நைத்திரேற்று நைதரசனா என்பது. இரண்டாவதானால் நைதரசனை மட்டும் கணக்கிடுவதால் அதே வழிகாட்டி அளவு 11 அளவில் வரும். கண் உள்ளவர் அச்சைப் பார்த்துப் பிடித்துவிடுவார், மற்றவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

நிறத்தை விட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுரையே "சிவப்புக் கோட்டுக்கு மேல்" என்று பேசும்போது, "சிவப்புக் கோடு, அதாவது 50" என்று இரண்டையும் சொன்னால்தான் வகுப்பில் மற்றவர்களோடு ஒன்றாகப் பேச முடியும். வரைபிலிருந்து கண்ணால் எடுத்த எண்ணுக்கு "ஏறத்தாழ" கட்டாயம்.

வேர்டிலிருந்து அச்சிடு என்ற வழியால் பிடிஎஃப் எடுத்தால் மாற்றுரை தொலைந்துபோகும், சேமி என்ற வழியால் எடுங்கள்.

இன்னும் சரிவராதது, ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் சமவளவுக் கோட்டு வரைபடம். சங்கானை, கோப்பாய், சாவகச்சேரி என்று பிரதேசம் பிரதேசமாக அட்டவணை போடுகிறேன். எங்கே கூட, எங்கே குறைய என்பது கிடைக்கிறது. கோடுகள் எங்கே நெருங்கிச் சரிகின்றன என்பது அட்டவணையில் வருவதில்லை, அதற்குத் தொட்டுணரும் வரைபடம்தான் வேண்டும்.