விடிய விடியக் கூத்தும் 128 ஜிபி கைபேசியும்: ஃபுல் எச்டியா, 4கேயா?

என்னிடமுள்ள கைபேசியின் விலை அண்மையில் இறங்கியதும், மட்டக்களப்பின் படுவான்கரையில் கூத்துப் பழகிவரும் நண்பர் ஒருவர் அதையே வாங்கலாமா என்று கேட்டார். கமரா நல்லதா, பற்றரி நிற்குமா என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் கேட்டது வேறு: “மச்சான், அரங்கேற்றத்த எதில எடுக்கிற? 4கேயிலயா, சாதாரணமாவா?” ஒரு வரியில் பதில் அனுப்ப முயன்று முடியாமற்போனதால், இந்தக் கைபேசியை நெடுநாள் பாவித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடக்கணக்கைப் பார்ப்போம். என் கைபேசியில் FHD 30 என்ற ஃபுல் எச்டித் தெரிவில் ஒரு நிமிடப் பதிவு ஏறக்குறைய 130 எம்பி இடத்தைப் பிடிக்கிறது. UHD 30 என்ற 4கே தெரிவில் அதே ஒரு நிமிடம் 350 எம்பி அளவில் வருகிறது. வடமோடிக் கூத்தொன்று இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து மணி வரை போகிறதென்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு ஃபுல் எச்டியில் 62 ஜிபியும் 4கேயில் 168 ஜிபியும் வேண்டும். 128 ஜிபி என்று விற்கப்படும் இந்தப் போனில் இயங்குதளமும் செயலிகளும் தமக்குரியதை எடுத்துக்கொண்ட பிறகு 100 ஜிபி மிஞ்சினாலே பெரிது. மெமரி காட் போடுவதற்கு இடமும் வைக்கப்படவில்லை. ஆகவே 4கேயில் தொடங்கினால் ஐந்து மணி நேரத்துக்குள், பெரும்பாலும் கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில், இடம் போதாது என்ற அறிவித்தலோடு பதிவு நின்றுவிடும்.

பதிவு அமைப்பில் HEVC என்ற தெரிவை இயக்கினால் கோப்பின் அளவு பாதியை நெருங்கும் அளவுக்குக் குறையும் என்பது உண்மை. அப்போது முழு இரவையும் 4கேயில் 100 ஜிபிக்குள் அடக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கவேண்டியது ஊரிலுள்ள தொலைக்காட்சி என்பதை மறந்துவிடக்கூடாது. சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஃபுல் எச்டி தொலைக்காட்சிகள் பலவற்றில் பென் டிரைவைச் செருகினால் HEVC கோப்பு படமில்லாமல் ஒலியை மட்டும் தரும், அல்லது ஆதரிக்கப்படாத கோப்பு என்று காட்டும். H.264 என்ற பழைய முறையில் எடுத்த 4கே கோப்பையும் அவற்றிற் பல ஏற்பதில்லை. இதற்கு மேல் பென் டிரைவ் FAT32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய எந்தக் கோப்பையும் அது வாங்காது. 4கேயில் அந்த எல்லை பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. ஃபுல் எச்டியில் அரை மணி நேரம் ஓடும்.

இத்தனை இடத்தைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. ஃபுல் எச்டிப் படச்சட்டம் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டது. 4கே 3840க்கு 2160, அதாவது சரியாக நான்கு மடங்கு. ஆயினும் பார்க்கும் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்டியின் ஒரு புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமானது; குறைபாடில்லாத கண் அதைத் தனியாகப் பிரித்தறிய வேண்டுமானால் ஏறக்குறைய 1.7 மீற்றருக்குள் இருக்கவேண்டும். 55 அங்குலத் திரையிலும் அந்தத் தூரம் 2.2 மீற்றர் அளவில்தான் வருகிறது. நம்முடைய வீடுகளில் மண்டபச் சுவரில் தொலைக்காட்சியை மாட்டிவிட்டு எதிர்ச் சுவரோரம் கதிரை போட்டு, மூன்று மீற்றர் தள்ளியிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் நன்றாக எடுத்த ஃபுல் எச்டியும் 4கேயும் ஒன்றுதான். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலோ இரண்டையும் அது ஃபுல் எச்டிக்கும் கீழே சுருக்கிவிடுகிறது. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் பார்ப்பது அந்தச் சுருங்கிய படத்தைத்தான். ஆவணமாக அனுப்பினால் மட்டுமே மூலக் கோப்பு அப்படியே போகும்.

இவ்வளவும் 4கேக்கு எதிரான கணக்கு. ஆனால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாதபடி ஒரு காரியத்தை அது எனக்குச் செய்துகாட்டியிருக்கிறது. கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும்போது கமராவைக் களரிக்குள் கொண்டுபோக முடியாது. ஒரு பக்கத்தில், தாங்கியில் பொருத்தி, முழுக் களரியும் தெரியும்படி அகலமாக வைத்துவிட்டு ஒதுங்கவேண்டும். ஆட்டக்காரர் களரியைச் சுற்றிவருவதால் எந்த நேரத்தில் யார் முகம் நம் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. 4கேயில் எடுத்த அந்த அகலமான காட்சியிலிருந்து நாலில் ஒரு பங்கை மட்டும் வெட்டியெடுத்தால், அது தன்னளவில் ஒரு முழுமையான ஃபுல் எச்டிச் சட்டம். கோவில் வீதியில் மாலை வெயில் இருக்கும்போது நடந்த ஒத்திகை ஒன்றை அப்படி எடுத்துப் பின்னர் கணினியில் வெட்டிப் பார்த்தேன். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கையிலிருந்த சல்லாரித் தாளத்தின் விளிம்புத் தேய்மானமும், அவர் தாளத்தைத் தள்ளிக்கொடுக்கும் இடத்தில் ஆட்டக்காரரின் குதிகால் எழும்புவதும் தெளிவாகத் தெரிந்தன. அதே காட்சியை ஃபுல் எச்டிப் பதிவில் வெட்டிப் பெருப்பித்தபோது சல்லாரி மஞ்சள் நிறமான ஒரு திட்டாகவே இருந்தது. ஆட்டத்தைப் பழகுகிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஒரு தாளக்கட்டின் காலடியை அந்தப் பதிவை வைத்தே திருத்திக்கொள்ளலாம்.

வெளிச்சம் போனதும் அந்த ஆதாயம் கரைந்துவிடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கைபேசிக் கமராவில் ஒளியைப் பிடிக்கும் உணரி சிறியது. இரவில் நாலு விளக்கு வெளிச்சத்தில் அது பிடிக்கும் படத்தில் இரைச்சற் புள்ளிகள் நிறைந்திருக்கும். பதிவுக்கு ஒதுக்கப்பட்ட தரவின் அளவு ஏறக்குறைய நிலையானது என்பதால், ஒவ்வொரு சட்டத்திலும் மாறிமாறித் துள்ளும் அந்தப் புள்ளிகளைப் பதிவதிலேயே அதன் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. உண்மையான விவரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். 350 என்பது 130இன் நான்கு மடங்கு அல்ல, மூன்று மடங்கு கூட அல்ல. ஆகவே ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் தரவு 4கேயில் தொடக்கத்திலேயே குறைவு. இதைக் கண்டறிவதும் எளிது. இரவுப் பதிவை நிறுத்திவைத்துப் பின்னால் தொங்கும் கறுப்புத் துணியைப் பெருப்பித்துப் பாருங்கள்; அங்கே மணல் ஊர்வது போலத் தெரிந்து, வேகமாக ஆடும் கால்களைச் சுற்றிச் சதுரம் சதுரமாக உடைந்திருந்தால், அந்த 168 ஜிபியில் பெரும்பகுதி வீணாகப் போகிறது என்று அர்த்தம்.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் நண்பருக்கு, இரவுக்கு ஃபுல் எச்டி, பகலில் வெட்டுவதற்கென்று எடுப்பவை மட்டும் 4கே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். என்னால் அப்படிச் சொல்ல முடியாமலிருப்பதற்குக் காரணம் இந்தப் போனின் ஃபுல் எச்டிதான், இத்தனை காலமும் என்னைக் கோபப்படுத்திக்கொண்டிருப்பதும் அதுதான். ஃபுல் எச்டிச் சட்டத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு புள்ளிகள் உணரியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்து அழகாகச் சுருக்கினால் மிகக் கூர்மையான ஃபுல் எச்டி கிடைக்கும். சில கைபேசிகள் அதைச் சரியாகவே செய்கின்றன, அவற்றில் இரண்டு தெரிவுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறியது. வேறு சில, சூட்டையும் மின்செலவையும் குறைப்பதற்காக, உணரியின் வரிகளில் ஒன்றை வாசித்து மற்றதைத் தாண்டிப் போகின்றன. என்னுடையதின் பதிவுகளில் அப்படி வரி தாண்டுவதன் அடையாளங்கள் அத்தனையும் இருக்கின்றன.

நீங்கள் வாங்கப்போகும் போனில் இதைக் கடை வாசலிலேயே சோதிக்கலாம். எதிரேயுள்ள ஓட்டுக் கூரையையோ, கிடுகு வேலியையோ, நெருக்கமான கம்பி வலையையோ பத்துச் செக்கன் ஃபுல் எச்டியிலும் பத்துச் செக்கன் 4கேயிலும் எடுங்கள். கையை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். ஃபுல் எச்டியில் ஓட்டு விளிம்புகள் படிக்கட்டாக உடைந்து, வரிகளுக்கு நடுவே பச்சையும் ஊதாவுமாக அலை ஓடினால் அந்தப் போன் வரியைத் தாண்டுகிறது. என் வீட்டுக் கூரையில் அது ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. அதே போனில் 4கேயில் எடுத்து, கணினியில் ஃபுல் எச்டிக்குச் சுருக்கினால் அந்த அலை இல்லை. படமும் மூன்று மீற்றர் தூரத்திலேயே வித்தியாசம் தெரியுமளவுக்குத் துப்புரவாக இருக்கிறது. ஆகவே 4கேயில் எனக்குத் தெரிந்த மேன்மையில் ஒரு பங்கு 4கேயின் மேன்மையே அல்ல, அதே கருவியின் ஃபுல் எச்டி கெடுத்து வைக்கப்பட்டதால் உண்டான தோற்றம். மெமரி காட்டுக்கு இடமில்லாமல் செய்துவிட்டு, இடத்தை மிச்சம்பிடிக்கும் தெரிவையும் இப்படிக் குறைத்துக் கொடுத்தால், அதிக ஜிபி கொண்ட விலை கூடிய போனை நோக்கி மக்கள் தள்ளப்படுகிறார்கள். இது நியாயமில்லை.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இதுதான். அரங்கேற்றத்தின் முழு இரவையும் FHD 30இல் வை. H.264ஐ மாற்றாதே. அரை மணிக்கொரு முறை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் எந்தத் தொலைக்காட்சியும் கோப்பைத் தின்னும், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். ஒவ்வொரு பாத்திரமும் முதலில் களரிக்கு வரும் வரவாட்டத்துக்கு மட்டும், களரி வெளிச்சம் நன்றாக இருந்தால், UHD 30க்கு மாற்று. எல்லா வரவுகளும் சேர்ந்து ஒரு மணி நேரம் என்றால் 21 ஜிபிதான் போகும், மிச்ச ஏழு மணி நேரத்துக்கு 55 ஜிபி, மொத்தம் 76 ஜிபி. போனை முதல் நாளே வெறுமையாக்கி வைத்தால் அது அடங்கிவிடும். பகல் ஒத்திகையைத் தாராளமாக 4கேயில் எடு, அன்றிரவே கணினிக்கு மாற்று.

பிறகு, விலை இறங்கியதே வாங்கட்டுமா என்று அவர் மறுபடி கேட்டார். 4கேயைப் பற்றி மேலே நான் புகழ்ந்து எழுதிய ஒவ்வொரு சொல்லும் இந்தப் போனில் எடுத்த காட்சிகளைப் பார்த்து எழுதியவை, அவற்றில் ஒன்றையும் மாற்றமாட்டேன். இருந்தாலும் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஓட்டுக் கூரையை ஃபுல் எச்டியில் அலையில்லாமல் எடுக்கும், மெமரி காட் போடக்கூடிய போன் ஒன்று கிடைத்தால், அது 4கேயே எடுக்காவிட்டாலும் அதை வாங்கு என்றேன்.