ஒரு கபடிக் கழகம், ஒரு நீக்கப் பிரிவு, மூன்று வரைவுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கபடிக் கழகம் என்று வைத்துக்கொள்வோம். 42 உறுப்பினர்கள், 7 பேர் கொண்ட செயற்குழு. பாதிப் பேர் ஓசூரில் ஷிஃப்ட் வேலை. வார விடுமுறைக்குத்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவார்கள். அவர்களில் ஒரு ரைடர் பொங்கல் போட்டியில் பக்கத்து ஊர் அணிக்கு ஆடிவிட்டார். கழகத்துக்கு அவர் சந்தா பாக்கியும் வைத்திருக்கிறார். அவரை நீக்கச் சொல்லிப் புகார் எழுதியவர் செயலாளர். இருவருக்கும் முன்பிருந்தே ஆகாது.

பைலாவில் உள்ள உறுப்பினர் சேர்க்கை, நீக்கப் பிரிவைத் திருத்தி எழுத மூன்று வரைவுகள் மேசைக்கு வருகின்றன. படித்தால் மூன்றுமே நன்றாகத்தான் தெரியும். இந்த ரைடரின் விவகாரத்தை ஒவ்வொன்றின் வழியாகவும் நடத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

முதல் வரைவு: ஒற்றை வரி

"கழகத்தின் நலனுக்கும் ஒழுங்குக்கும் மாறாக நடக்கும் உறுப்பினரைச் செயற்குழு நீக்கலாம். அதன் முடிவே இறுதியானது."

பழைய பைலாக்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது என்பார்கள். உண்மையில் இதில் புரிவதற்கு எதுவும் இல்லை. எது நலனுக்கு மாறானது? யார் விசாரிப்பது? எத்தனை நாளில்? எதற்கும் பதில் கிடையாது. நம் ரைடர் விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கூடி, புகார் கொடுத்த செயலாளரும் கை தூக்கி, அரை மணி நேரத்தில் நீக்கிவிடலாம். ரைடருக்கு விஷயம் வாட்ஸ்அப் குழுவில் இருந்து தூக்கப்பட்ட பிறகுதான் தெரியும்.

"முடிவே இறுதியானது" என்ற சொற்றொடரை நம்பி நிர்வாகிகள் தைரியமாக இருப்பார்கள். அந்தத் தைரியம் நீதிமன்றத்தில் நிற்காது. டி.பி. டேவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் இதை அலசியது. சங்கத்தின் உள் விவகாரத்தில் நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம் போல உட்காராது. ஆனால் சங்கம் தன் விதியின்படி நடந்ததா, நல்லெண்ணத்தோடு நடந்ததா, குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததா என்று பார்க்கும். அந்த வழக்கில் நீக்கம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று; வாய்ப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் வரைவின்படி நீக்கிய கழகத்திடம் வாய்ப்புக் கொடுத்ததற்கான ஒரு தாள்கூட இருக்காது.

இரண்டாம் வரைவு: வக்கீல் நடை

"எந்தவொரு உறுப்பினரும் மேற்கூறிய காரணங்களுள் எதன் பொருட்டாயினும், அன்னார் மீது புகார் பெறப்பட்டு, நோட்டீஸ் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து பதினைந்து தினங்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறும் பட்சத்திலோ அல்லது அளித்த விளக்கம் திருப்திகரமாக இல்லாத பட்சத்திலோ, செயற்குழுவின் பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலம் நீக்கப்படலாம் என்பதோடு, அவ்வாறு நீக்கப்பட்டவர் தலைவருக்கு மேல்முறையீடு செய்துகொள்ளலாம்..."

முதலாவதைவிட இது எவ்வளவோ மேல். நோட்டீஸ் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, மேல்முறையீடும் இருக்கிறது. ஆனால் வாக்கியம் நீளமாக இருப்பதால் ஓட்டைகள் கண்ணில் படுவதில்லை. "அனுப்பப்பட்ட தேதியிலிருந்து" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரைடரின் ஊர் முகவரிக்கு நோட்டீஸ் போகிறது. அவர் ஓசூரில் வாடகை அறையில் இருக்கிறார். வீட்டில் வாங்கி வைத்த உறையை அவர் இரண்டு வாரம் கழித்துப் பிரிக்கிறார். பதினைந்து நாளில் மிச்சம் ஒரு நாள். காகிதத்தில் வாய்ப்புக் கொடுத்தாயிற்று, கையில் ஒன்றும் இல்லை.

அடுத்தது மேல்முறையீடு. தலைவர் செயற்குழுவில் ஒருவர். நீக்கத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தான் எடுத்த முடிவைத் தானே மறுபடி பார்ப்பதை மேல்முறையீடு என்று எப்படிச் சொல்வது? எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் இல்லை. பதில் வராமலே ஒரு சீசன் போய்விடும். ஆடும் வயதில் இருப்பவனுக்கு அது நீக்கத்துக்குச் சமம்.

மூன்றாம் வரைவு: படிப்படியாக

இதன் முக்கியமான வேலை முதல் வரியிலேயே நடந்துவிடுகிறது. சந்தா பாக்கியால் உறுப்பினர் நிலை முடிவதையும், நடத்தைக்காக நீக்குவதையும் இது இரண்டு தனிப் பிரிவுகளாக வெட்டிவிடுகிறது. முன்னது கணக்கு, பின்னது விசாரணை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், விசாரிக்கச் சோம்பல்படும் நிர்வாகம் சந்தா பாக்கியைச் சாக்காக வைத்து ஆளை வெளியேற்றிவிடும்.

சந்தாப் பிரிவு இப்படிப் போகிறது: "ஆண்டுச் சந்தாவை ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும். கட்டாதவருக்குப் பொருளாளர் எழுத்தில் நினைவூட்டல் தர வேண்டும். அது கிடைத்த 60 நாளுக்குள் கட்டாவிட்டால் உறுப்பினர் நிலை முடியும். அதே ஆண்டுக்குள் பாக்கியைக் கட்டினால், வாக்கெடுப்பு இல்லாமல் நிலை திரும்பும். பொருளாளர் பணத்தை வாங்க மறுத்தால், கட்டத் தவறியதாக ஆகாது." கடைசி வாக்கியம் வேடிக்கையாகத் தெரியலாம். தேர்தல் வருகிற நேரத்தில் எதிரணி ஆட்களின் சந்தாவை வாங்காமல் இழுத்தடித்து, பிறகு "பாக்கிதாரர்" என்று வாக்காளர் பட்டியலில் இருந்து எடுப்பது சங்கங்களில் பழைய தந்திரம். யுபிஐ-யில் அனுப்பினாலும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால் ரசீதுச் சண்டையும் ஒழியும்.

நீக்கப் பிரிவில் காரணங்கள் எண்ணிச் சொல்லப்படுகின்றன: கழகம் பெயர் கொடுத்துள்ள போட்டியில், செயற்குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு அணிக்கு ஆடுவது, கழகப் பணத்தையோ பொருளையோ கையாடுவது, அடிப்பது, மிரட்டுவது, பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லி இழிவு செய்வது. அவ்வளவுதான். "இன்ன பிற" கிடையாது.

இப்போது ரைடரிடம் திரும்புவோம். அந்தப் பொங்கல் போட்டிக்கு நம் கழகம் அணியே அனுப்பவில்லை என்றால்? முதல் வரைவில் அவர் துரோகி, நீக்கம். மூன்றாவதில் அவர் எந்த விதியையும் மீறவில்லை. புகார் முதல் படியிலேயே விழுந்துவிடும். அது பிடிக்காத உறுப்பினர்கள் பொதுக்குழுவில் பேசி விதியை மாற்றிக்கொள்ளட்டும், அடுத்த பொங்கலுக்கு. நடந்து முடிந்ததற்குப் புதிய காரணத்தைப் பொருத்தக் கூடாது.

கழகம் அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது என்றே வைத்துக்கொண்டு நடைமுறையை ஓட்டிப் பார்ப்போம். ஜனவரி 20-இல் புகார். குற்றச்சாட்டு, போட்டியின் பெயர், நாள், மீறிய விதி எண் எல்லாம் எழுதிய நோட்டீஸ் ரைடர் கைக்கு ஜனவரி 27-இல் கிடைக்கிறது. கிடைத்த நாளிலிருந்து 15 நாள், அதாவது பிப்ரவரி 11 வரை பதில் தரலாம். விசாரணை அவருடைய வார விடுமுறை நாளில், பிப்ரவரி 22. அவர் ஒரு ஆளைத் துணைக்கு அழைத்து வரலாம். முடிவு காரணத்தோடு எழுத்தில் 7 நாளில், மார்ச் 1-க்குள். மேல்முறையீட்டுக்கு அதிலிருந்து 30 நாள். மேல்முறையீடு போவது பொதுக்குழுவுக்கு, அது 45 நாளுக்குள் கூட வேண்டும். கடைசி நாள் வரை இழுத்தாலும் மே நடுவில் முடிந்துவிடும். (கிருஷ்ணகிரியில் மே மாதம் மாங்காய் அறுவடை; தோப்பு உள்ளவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். 45-ஐ 60 ஆக்குவது பற்றி இங்கே யோசிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.)

யார் உட்காருவது என்பதில்தான் சின்னக் கழகங்கள் சிக்கிக்கொள்ளும். புகார் கொடுத்த செயலாளர் விசாரணையில் உட்காரக் கூடாது. போட்டியை நேரில் பார்த்துச் சாட்சி சொல்லும் செயற்குழு உறுப்பினரும் கூடாது. ஏழில் ஐந்து பேர் மிச்சம். கோரம் நான்கு என்றால் கூட்டம் நடக்கும். நீக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதினால் ஐந்தில் அது 3.33. மூன்றா, நான்கா என்று அங்கேயே சண்டை வரும். "பின்னம் வந்தால் அடுத்த முழு எண்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் நான்கு என்று முடிந்துவிடும். விலகியவர்கள் போக நான்கு பேர்கூட இல்லையென்றால், பொதுக்குழு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து விசாரிக்கச் சொல்லலாம். மேல்முறையீட்டில் முதலில் முடிவெடுத்த ஐவர் பேசலாம், வாக்களிக்கக் கூடாது.

நோட்டீஸ் அனுப்பும் முறையில் இன்னொரு பொடி விஷயம். பழைய பைலாக்கள் "பதிவுத் தபால்" என்று எழுதியிருக்கும். 2025-இல் அந்தச் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதனால் சேவையின் பெயரைக் குறிப்பிடாமல், "கிடைத்ததற்கு ஒப்புகை வரும் தபால், அல்லது கையெழுத்து வாங்கி நேரில்" என்று எழுதுவது நல்லது. வாட்ஸ்அப்பில் கூடவே அனுப்பலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவதற்கும் குறை உண்டு. பயிற்சியில் ஒருவர் கத்தியை எடுத்தால் பதினைந்து நாள் காத்திருக்க முடியாது. அதற்குத் தற்காலிக இடைநீக்கம் வேண்டும்: தலைவரும் பொருளாளரும் சேர்ந்து எழுத்தில், அடிதடி, மிரட்டல், சீண்டல் புகார்களுக்கு மட்டும், 30 நாளுக்கு மேல் நீளாமல். அந்த உச்ச வரம்பை எழுதாவிட்டால் இடைநீக்கமே நீக்கமாகிவிடும். இன்னொன்று, இந்த வரைவு தாளில் ஒன்றரைப் பக்கம் வரும். ஒற்றை வரிக்குப் பழகியவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். முப்பது, நாற்பது பேர் கழகத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். இருபது பேருக்குக் கீழே, செயற்குழுவே மூன்று பேர் என்றால், விசாரணையை நேரடியாகப் பொதுக்குழுவிடமே கொடுத்துவிடலாம்.

சேர்க்கை பற்றி அதிகம் சொல்ல இல்லை. விண்ணப்பம் வந்த 30 நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், அது போதும்.

எதைத் தேர்ந்தாலும் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பைலா திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு. 42 பேரில் 28 பேர் வந்தால் 21 பேர் கை தூக்க வேண்டும். முன்னறிவிப்போடு பழைய பிரிவையும் புதிய பிரிவையும் அருகருகே அச்சடித்துக் கொடுத்தால் கூட்டத்தில் பாதி கேள்வி குறையும். தீர்மானம் நிறைவேறிய அன்றே புதிய பிரிவைப் பயன்படுத்தத் தொடங்காதீர்கள். மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவாகட்டும். அதற்குள் வந்துவிட்ட புகார்களை என்ன செய்வது என்பதையும் திருத்தத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "இந்தத் திருத்தம் பதிவாகும் நாளில் முடியாமல் இருக்கும் புகார்கள் புதிய நடைமுறைப்படி விசாரிக்கப்படும்; காரணங்கள் மட்டும் சம்பவம் நடந்த அன்று இருந்த விதிப்படி பார்க்கப்படும்."