புல் வெட்டும் மிஷின் வாங்கும் முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள்: 3 எச்.பி. என்று வந்தது 1.5

தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி பக்கம் மாடு வைத்திருக்கும் பலருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொழுவத்துக்கு முன்னால் செங்கல் தளம், அதன் மேல் பச்சை பெயின்ட் அடித்த புல் வெட்டும் மிஷின், பக்கத்தில் ஒரு கட்டு கோ-4 புல். கீழே ‘3 எச்.பி., சிங்கிள் பேஸ், 10 மாடு வரை’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். படத்தில் இருந்த அதே மிஷின்தான் வந்தது. பிளேடு, ரோலர், தள்ளும் தட்டு எல்லாம் சரியாக இருந்தன. மோட்டார்தான் சொன்னது இல்லை.

எங்களுக்கு மூன்று மாடு, பக்கத்தில் சித்தப்பா வீட்டில் மூன்று. மழைக்காலத்தில் பசும்புல் கிடைக்கும். மற்ற மாதங்களில் வைக்கோலும், கமுதிப் பக்கமிருந்து வரும் காய்ந்த சோளத்தட்டையும்தான். தட்டையை மனதில் வைத்துத்தான் 3 எச்.பி. கேட்டேன். 2 எச்.பி.யைவிட ஆறாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள்.

முதல் வாரம் இளம்புல்லை நன்றாகத்தான் வெட்டியது. தட்டை போட்டதும் சாயம் வெளுத்தது. ஒரு கைப்பிடி உள்ளே போனால் வெட்டும். இரண்டாவது கைப்பிடி போனதும் சத்தம் ‘ம்ம்ம்’ என்று இறங்கி, பெல்ட் கிறீச்சிட்டு, மிஷின் நின்றுவிடும். பத்து நிமிடம் ஓடினால் மோட்டார் உடம்பில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாது.

கடைக்காரருக்கு போன் போட்டேன். ‘அண்ணே, உங்க ஊர் கடலோரம், லைன் கடைசி, வோல்டேஜ் வராது. மிஷின்ல ஒண்ணும் இல்லண்ணே’ என்றார். இந்தப் பதில் பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரின் முறுக்கு விசை அதைவிட வேகமாக இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் மிஞ்சும். இந்தப் பக்கம் சாயங்காலத்தில் 180 ஒன்றும் அதிசயம் இல்லை. ஆகவே இந்தச் சாக்கை யாரும் நம்பிவிடுவார்கள்.

வயர்மேன் தம்பியை வரச் சொன்னேன். அவர் முதலில் மோட்டாரைத் தொடவே இல்லை, பிளேடைப் பார்த்தார். பிளேடு மழுங்கியிருந்தாலும், பிளேடுக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் சந்து அதிகம் இருந்தாலும் தட்டை வெட்டுப்படாமல் மடங்கிச் சிக்கும், நல்ல மோட்டாரும் திணறும். ஒரு செய்தித்தாளை மடித்து, மெயினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பேப்பர் சுத்தமாக அறுந்தது. பிளேடு பழுதில்லை. அப்புறம் மிஷின் திணறும் நேரத்தில் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தார்: 218. அதோடு கடைக்காரரின் சாக்கு போயிற்று.

பிறகுதான் மோட்டாரில் இருந்த தகட்டுக்கு வந்தோம். எச்.பி. என்ற கட்டத்தில் 3 என்று புதிதாக அடித்திருந்தது. கிலோவாட் கட்டம் சுரண்டப்பட்டிருந்தது. ஆனால் ஆம்பியர் கட்டத்தை யாரும் தொடவில்லை. அதில் 7.5 என்று தெளிவாக இருந்தது.

இந்த ஒரு எண் போதும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 3 எச்.பி. என்றால் மோட்டார் வெளியே கொடுக்க வேண்டியது 2238 வாட். உள்ளே எவ்வளவு வாங்க முடியும்? 230 வோல்ட்டை 7.5 ஆம்பியரால் பெருக்கினால் 1725. உள்ளே வாங்குவதைவிட வெளியே கொடுப்பது அதிகம் என்றால் அப்படி ஒரு மோட்டார் உலகத்தில் இல்லை. இந்த 1725-லும் சூடாகப் போவதையும் பவர் ஃபேக்டரில் கழிவதையும் தள்ளினால் சுமார் 1100 வாட்தான் தேறும். அது 1.5 எச்.பி. நிஜமான 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் முழுச்சுமையில் 15 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 2 எச்.பி. என்றால் பத்திலிருந்து பன்னிரண்டு.

பழைய படத்தை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டில் எழுத்து தெரியவில்லை, ஆனால் அளவு தெரிந்தது. மோட்டாரின் ஷாஃப்ட் நடுப்புள்ளி அது உட்கார்ந்திருக்கும் பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை வைத்துத்தான் மோட்டாரின் பிரேம் அளவைச் சொல்வார்கள். 90 பிரேம் என்றால் 90 மில்லிமீட்டர், 100 பிரேம் என்றால் 100. நம்மூர் செங்கல் தடிமன் மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர் அளவு. படத்தில் மிஷின் காலுக்குப் பக்கத்தில், மோட்டாரிலிருந்து ஒரு கை தூரத்தில் ஒரு செங்கல் படுக்கையாகக் கிடந்தது. அதன் தடிமனை வைத்துப் பார்த்தால் ஷாஃப்ட் உயரம் செங்கலைவிடக் கொஞ்சம்தான் கூட. நிமிடத்துக்கு 1440 சுற்று வேகத்தில் ஓடும் 3 எச்.பி. மோட்டார் பொதுவாக 100 பிரேமில் வரும். இவ்வளவு குள்ளமாக இருக்காது. படத்தில் தூரம், கோணம் மாறினால் அளவும் மாறும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ‘தகட்டை நேராக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று கேட்க இந்தச் சந்தேகம் போதும். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சரி, ஆறு மாட்டுக்கு எவ்வளவு வேண்டும்? கறவை மாடு ஒன்றுக்குப் பசும்புல் நாளைக்கு 20 முதல் 25 கிலோ, கிடேரிக்கு அதைவிடக் குறைவு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, புல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில்கூட 150 கிலோ தாண்டாது. கூர்மையான பிளேடு உள்ள நிஜமான 2 எச்.பி. மிஷின் இதை அரைமணி, முக்கால் மணியில் முடித்துவிடும். காய்ந்த தட்டைக்கு நேரம் கூடும், அவ்வளவுதான். மூன்று நான்கு மாடு மட்டும் என்றால் 3 எச்.பி. தேவையே இல்லை. அதை வீட்டு சிங்கிள் பேஸ் லைனில் ஓட்டுவதும் சிரமம். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் இன்னும் சாயும். என் கணக்கில் இந்தக் கடலோரத்துக்கு 1440 வேக, செம்புக் காயில் கட்டிய 2 எச்.பி. மோட்டார்தான் பொருத்தம். அதற்கு 2.5 ஸ்கொயர் செம்பு வயரும், மோட்டாருக்கான சி டைப் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடச் சொல்லுங்கள்.

தகட்டுப் போட்டோவை அனுப்பியதும் கடைக்காரரின் ‘அண்ணே’ நின்றுபோனது. நாலாயிரம் கொடுத்தால் 2 எச்.பி. மோட்டார் மாற்றித் தருகிறேன் என்றார். 3 எச்.பி.க்குக் காசு வாங்கிவிட்டு, 2 எச்.பி.க்கு மேலும் காசாம்! மறுத்துவிட்டேன். பில்லில் ‘3 எச்.பி.’ என்று கையால் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்து, பில், தகட்டுப் போட்டோ, வயர்மேன் எடுத்த வோல்டேஜ் வாசிப்பு மூன்றையும் கொடுத்திருக்கிறேன். பதில் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

நீங்கள் வாங்கும்போது பில்லில் எச்.பி.யோடு ஆம்பியர், வேகம், மோட்டாரின் வரிசை எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இந்தப் பச்சை மிஷினை வாங்கியவர்கள் இன்றைக்கே தகட்டில் ஆம்பியர் கட்டத்தைப் பாருங்கள். 3 எச்.பி. என்று எழுதி அங்கே பத்துக்குக் கீழே இருந்தால் கமென்டில் போட்டோ போடுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.